சட்டை திரும்பிப் போனது. பாயின்ட் திரும்பி வந்ததா?

ஆன்லைனில் வாங்கிய சட்டை தோளில் பிடிக்கிறது என்று ரிட்டர்ன் போடுகிறோம். ஆள் வந்து வாங்கிப் போகிறார். நாலைந்து நாளில் ‘உங்கள் ரீஃபண்ட் முடிந்தது’ என்று எஸ்எம்எஸ் வருகிறது. சட்டை 900 ரூபாய் என்று நினைவு. வங்கிக் கணக்கைத் திறந்தால் வந்திருப்பது 648. மீதி 252 ரூபாயை யாரும் திருடவில்லை. அதில் ஒரு பகுதி கூப்பன், இன்னொரு பகுதி பாயின்ட். பாயின்ட் ஆப்பில் வேறொரு பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். கூப்பன் போனது போனதுதான்.

எது வரும், எது வராது என்பது குருட்டாம்போக்கில் நடப்பதில்லை. பில்லில் அது எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்தாலே முக்கால்வாசி தெரிந்துவிடும். பில்லின் அடியில் ‘மொத்தம்’ என்று ஒரு வரி இருக்கும். அதற்கு மேலே இருப்பதெல்லாம் பொருளின் விலை என்ன என்பதைச் சொல்கிறது: அச்சிட்ட விலை, அதில் கழித்தது, அதன் மேல் வரி. கீழே இருப்பதெல்லாம் அந்த விலையை நீங்கள் எப்படிக் கட்டினீர்கள் என்பதைச் சொல்கிறது: யூபிஐயில் இவ்வளவு, வாலட்டில் இவ்வளவு, கிஃப்ட் கார்டில் இவ்வளவு. பொருளைத் திருப்பிக் கொடுத்தால் கடை திருப்பித் தரவேண்டியது, கோட்டுக்குக் கீழே நீங்கள் கட்டியதை. மேலே கழித்தது கடைக்கு வந்து சேர்ந்த பணமே இல்லை. அதனால் திரும்புவதற்கும் எதுவும் இல்லை.

கூப்பன் கோட்டுக்கு மேலே இருப்பது. வாலட்டும் கிஃப்ட் கார்டும் கீழே இருப்பவை. பாயின்ட் மட்டும் கடைக்குக் கடை இடம் மாறும். குழப்பத்தில் பாதி இதனால்தான் வருகிறது.

ஒரு பில்லைப் பிரித்துப் பார்ப்போம்

கோமதி என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். ஒரே ஆர்டரில் 1,200 ரூபாய்க்கு ஒரு சேலை, 900 ரூபாய்க்கு ஒரு சட்டை, 400 ரூபாய்க்கு ஒரு பெட்ஷீட். கூட்டினால் 2,500. ‘2,400 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 500 ரூபாய் தள்ளுபடி’ என்றொரு கூப்பன் இருந்தது, போட்டார். 2,000 ஆயிற்று. கையில் 200 பாயின்ட் இருந்தது, ஒரு பாயின்ட் ஒரு ரூபாய். அதையும் போட்டார். மீதி 1,800 ரூபாயை யூபிஐயில் கட்டினார்.

இங்கே கோமதி நினைத்துக்கொள்வது, ‘மொத்தத்தில் 500 ரூபாய் குறைந்தது’ என்று. ஆனால் கடையின் கணினி அந்த 500-ஐ மொத்தமாக வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் அதன் விலைக்கு ஏற்பப் பிரித்துப் போடுகிறது. 2,500-க்கு 500 என்றால் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே சேலைக்கு 240, சட்டைக்கு 180, பெட்ஷீட்டுக்கு 80. கூப்பன் கழிந்த பிறகு சட்டையின் விலை 720 ரூபாய். பாயின்ட்டும் இதேபோல் பிரிகிறது. 2,000-க்கு 200 என்றால் பத்தில் ஒரு பங்கு, சட்டையின் பங்குக்கு 72 பாயின்ட். ஆக, சட்டைக்காக கோமதி கட்டியது 72 பாயின்ட்டும் 648 ரூபாயும்.

ஆர்டர் பக்கத்தில் இந்தப் பிரிவினை தெரியாது. இன்வாய்ஸைத் தரவிறக்கினால் தெரியும். சட்டைக்கான வரியில் விலை 900, கழிவு 180, வரிக்கு முந்தைய மதிப்பு 685.71, அதன் மேல் 5% ஜிஎஸ்டி 34.29, மொத்தம் 720 என்று இருக்கும். சட்டை திரும்பி வந்ததும் கடை தன் கணக்கில் ஒரு கிரெடிட் நோட் போடுகிறது. ஜிஎஸ்டி சட்டப்படி விற்பனைக்கு முன்போ விற்கும்போதோ கொடுத்து, பில்லிலும் காட்டிய தள்ளுபடி விற்பனை மதிப்பில் சேராது. எனவே அந்த கிரெடிட் நோட்டும் 720 ரூபாய்க்குத்தான். ‘900 ரூபாய்ச் சட்டைதானே, 900 கொடு’ என்று கேட்டால், கடையின் கணக்கில் 900 ரூபாய்க்குச் சட்டை விற்றதாகவே எங்கும் இல்லை.

பாயின்ட் எந்தப் பக்கம் என்பதையும் இதே இன்வாய்ஸ் காட்டிக்கொடுத்துவிடும். சட்டையின் மொத்தம் 720 என்று இருந்தால், பாயின்ட்டைக் கடை பணமாக எடுத்துக்கொண்டிருக்கிறது, திரும்பி வரும். மொத்தம் 648 என்று இருந்தால், பாயின்ட்டையும் தள்ளுபடியாகவே கழித்துவிட்டார்கள். அப்போது அது திரும்புமா என்பது அந்தக் கடை பாயின்ட்டுக்கு எழுதிவைத்திருக்கும் விதியைப் பொறுத்தது. பல கடைகள் திருப்பிப் போடுகின்றன. போடாத கடைகளும் உண்டு.

இதுவரை சொன்னது நேரான வழி. வேறொரு வழியும் இருக்கிறது. அதில்தான் வாடிக்கையாளர்கள் கொதித்துப்போகிறார்கள்.

சட்டை போய்விட்டது. கோமதியிடம் மிச்சம் இருப்பது சேலையும் பெட்ஷீட்டும், 1,600 ரூபாய்ப் பொருள். கூப்பன் 2,400 ரூபாய்க்கு மேல் வாங்கினால்தானே? சில கடைகள் இங்கே கணக்கைத் திரும்பப் போடுகின்றன. ‘நீங்கள் 1,600 ரூபாய்க்குத்தான் வாங்கியிருக்கிறீர்கள், கூப்பனுக்குத் தகுதி இல்லை. ஆகவே உங்கள் பில் 1,600. கட்டியது 2,000. இந்தாருங்கள் 400.’ முதல் வழியில் 720 ரூபாய் மதிப்புக்குத் திரும்பியது; இந்த வழியில் 400-க்குத்தான் திரும்புகிறது. குறைந்த 320 ரூபாய் எங்கே என்றால், சேலைக்கும் பெட்ஷீட்டுக்கும் கிடைத்த 240-உம் 80-உம். வைத்துக்கொண்ட பொருள்களின் தள்ளுபடியை, திருப்பிக் கொடுத்த சட்டையின் ரீஃபண்டிலிருந்து பிடித்துக்கொண்டார்கள்.

இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. பல பிராண்டுகள் விற்கும் பெரிய தளங்களில் முதல் வழியைத்தான் அதிகம் பார்க்கலாம். ஒரே பிராண்டின் சொந்தத் தளம், ‘மூன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ வகைச் சலுகைகள் ஆகியவற்றில் இரண்டாவது வழி எட்டிப்பார்க்கும். கூப்பனின் விதிகளில், ‘ஒரு பகுதியைத் திருப்பினால் தள்ளுபடி மறுகணக்கிடப்படும்’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். நேரமில்லை என்றால், ரிட்டர்ன் பக்கத்தில் கடைசிப் பொத்தானை அழுத்துவதற்கு முன் எவ்வளவு ரீஃபண்ட் என்று காட்டும் தொகையையாவது பார்த்துவிட வேண்டும். அது 720 ஆக இல்லாமல் 400 ஆக இருந்தால், தோளில் பிடித்தாலும் சட்டையை வீட்டில் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவது லாபமா என்று அப்போதே யோசிக்கலாம்.

மறுகணக்கு போடுவது அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன். 2,400-க்கு வாங்கி, கூப்பனை வாங்கிக்கொண்டு, பாதியைத் திருப்பி அனுப்புகிற ஆட்களும் இருக்கிறார்கள். கடை தன்னைக் காத்துக்கொள்கிறது. ஆனால் இரண்டு இடங்களில் இது எடுபடாது. விதியை முன்கூட்டியே காட்டாமல் ரிட்டர்ன் சமயத்தில் எடுத்து நீட்டினால் அது ஒன்று. திருப்புவதற்குக் காரணம் உங்கள் மனமாற்றமாக இல்லாமல் கடையின் தவறாக இருந்தால், அதாவது கிழிந்த சட்டையையோ வேறு நிறத்தையோ அனுப்பியிருந்தால், அது இன்னொன்று. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. கடை கிழிந்ததை அனுப்பியதால் மற்ற இரண்டு பொருள்களுக்கும் நீங்கள் ஏன் கூடுதல் விலை கொடுக்க வேண்டும்? அந்த இடத்தில் விட்டுக்கொடுக்காமல் கேட்கலாம்.

கூப்பன் மறுபடி கிடைப்பது எப்போது?

கூப்பனின் ரூபாய் திரும்பாது, சரி. அந்தக் கூப்பனை இன்னொரு முறை பயன்படுத்தவாவது முடியுமா? இதற்கு விடை பெரும்பாலும் நேரத்தில் இருக்கிறது.

நீங்கள் கூப்பனைப் போட்டு ஆர்டர் செய்ததும் கடையின் கணினி அதை உங்கள் பெயரில் பூட்டிவைக்கிறது. இன்னும் ‘செலவாகவில்லை’. பொருள் பொட்டலமாகி, இன்வாய்ஸ் விழுந்ததும்தான் அது செலவானதாகப் பதிவாகிறது. ஆகவே பொருள் கிளம்புவதற்கு முன் முழு ஆர்டரையும் கேன்சல் செய்தால், பூட்டு திறந்து கூப்பன் திரும்புவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. பொருள் வீட்டுக்கு வந்தபின் ரிட்டர்ன் என்றால் அரிது. ஆர்டரில் ஒரே ஒரு பொருள் நிற்கிறது, மற்றதெல்லாம் கேன்சல் என்றாலும் கூப்பன் அந்த ஒரு பொருளோடு ஒட்டிக்கொண்டு செலவாகிவிடும்.

திரும்பிய கூப்பனும் பழைய கடைசித் தேதியோடுதான் திரும்பும். பண்டிகை விற்பனைக் கூப்பன் மூன்று நாளில் முடிகிறது; நீங்கள் நாலாம் நாள் கேன்சல் செய்கிறீர்கள். ஆப்பில் கூப்பன் இருக்கும், போட்டால் ஏற்காது. கடையே ‘ஸ்டாக் இல்லை’ என்று கேன்சல் செய்தாலும் கணினி இப்படித்தான் நடந்துகொள்ளும். யார் கேன்சல் செய்தார்கள் என்று பார்த்து அது இரக்கப்படாது. ஆனால் கஸ்டமர் கேரில் இருக்கும் ஆளுக்கு வித்தியாசம் தெரியும். கடை கேன்சல் செய்த ஆர்டரென்றால் அதே மதிப்புக்குப் புதிய கூப்பன் கேளுங்கள். பல இடங்களில் அவர்களுக்கு அப்படிக் கொடுக்கும் அதிகாரம் இருக்கிறது. கேட்காதவருக்குக் கொடுப்பதில்லை.

அளவு சரியில்லை என்பது மட்டுமே காரணமானால், ரிட்டர்ன் போடுவதைவிட எக்ஸ்சேஞ்ச் போடுவது நல்லது. அதே ஆர்டர் தொடர்வதால் கூப்பனும் பாயின்ட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். மாற்றுச் சட்டை ஸ்டாக்கில் இல்லாமல் போனால் மட்டும் அது ரீஃபண்டாக மாறிவிடும். மேலே சொன்ன கணக்கெல்லாம் அப்போது ஓடத் தொடங்கும்.

வந்த அன்றே செத்த பாயின்ட்

பாயின்ட் திரும்பி வரும் என்று சொன்னேன். வந்தும் பயனில்லாமல் போவது எப்படி என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பலருக்கு இழப்பு இங்கேதான் சத்தமில்லாமல் நடக்கிறது.

நம் ஆப்பில் ‘200 பாயின்ட்’ என்று ஒரே எண்ணாகத் தெரிந்தாலும் உள்ளே அது பல கட்டுகளாக இருக்கிறது. கோமதியின் 200-இல் 120 தீபாவளிச் சலுகையில் வந்தது, மார்ச் 31-இல் காலாவதி. மீதி 80 வேறொரு வாங்கலில் வந்தது, ஆகஸ்ட் வரை உயிரோடு இருக்கும். செலவு செய்யும்போது கணினி பொதுவாக முதலில் சாகப்போகிற கட்டை முதலில் எடுக்கும். வாடிக்கையாளருக்கு நல்லதுதான். கோமதி மார்ச் 24-இல் ஆர்டர் போட்டார். பாயின்ட் காலாவதியாகப் போகிறதே என்று அவசரப்பட்டே போட்டார். நிறையப் பேர் அப்படித்தான் போடுகிறோம். சட்டை 28-இல் வந்தது. ரிட்டர்ன் எடுத்துப் போய், கிடங்கில் சரிபார்த்து, ரீஃபண்ட் போட்டபோது ஏப்ரல் 6.

72 பாயின்ட் திரும்பி வந்தது. எந்தக் கட்டுக்கு? எந்தக் கட்டிலிருந்து முதலில் எடுத்தார்களோ, அந்த மார்ச் 31 கட்டுக்கு. ஏப்ரல் 6-இல் அந்தக் கட்டுக்கு உயிரில்லை. எஸ்எம்எஸ்ஸில் ‘72 பாயின்ட் வரவு வைக்கப்பட்டது’ என்று வரும், அது பொய்யும் இல்லை. பாயின்ட் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தால் ஏப்ரல் 6-இல் கூட்டல் 72, அதற்கு அடுத்த வரியிலேயே அதே தேதியில் கழித்தல் 72, காலாவதி என்று இருக்கும். மொத்த இருப்பு அசையவே இல்லை.

எல்லாக் கடையும் இப்படி இல்லை. திரும்பிய பாயின்ட்டுக்குப் புதிதாகச் சில நாள் அவகாசம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நீண்ட ஆயுள் உள்ள கட்டிலிருந்து முதலில் திருப்பிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படியானால் கோமதிக்கு 72-உம் ஆகஸ்ட் வரை நிற்கும். தன் கடை எந்த வகை என்று தெரிந்துகொள்ள, ரீஃபண்ட் செய்தி வந்த அன்றே பாயின்ட் வரலாற்றையும் காலாவதித் தேதியையும் பார்ப்பதைவிடச் சுலபமான வழியில்லை. இதிலிருந்து வரும் நடைமுறை யோசனை ஒன்று: காலாவதியை நெருங்கும் பாயின்ட்டைத் துணியிலும் செருப்பிலும் போடாதீர்கள். திருப்பி அனுப்ப வாய்ப்பே இல்லாத மளிகை, சோப்பு, மொபைல் ரீசார்ஜ் போன்றவற்றில் தீர்த்துவிடுங்கள்.

செலவழித்த பாயின்ட் போக, அந்த ஆர்டரால் புதிதாகக் கிடைத்த பாயின்ட்டும் உண்டு. கோமதி கட்டிய 1,800 ரூபாய்க்கு 2% என்று 36 பாயின்ட் எழுதப்பட்டிருந்தால், சட்டைக்கான 648 ரூபாய்க்கு உரிய 12 அல்லது 13 பாயின்ட் திரும்ப எடுக்கப்படும். நியாயம்தான், வாங்காத பொருளுக்குப் பரிசு கிடையாது. இதற்காகத்தான் பல கடைகள் ரிட்டர்ன் காலம் முடியும்வரை புதிய பாயின்ட்டை ‘நிலுவை’ என்றே காட்டிவைக்கின்றன. ஆர்டர் போட்ட அன்றே கொடுத்துவிடும் கடைகளில்தான் சிக்கல். நீங்கள் அதற்குள் செலவழித்திருந்தால், அந்த மதிப்பை ரீஃபண்ட் பணத்திலிருந்து கழிப்பார்கள், அல்லது பாயின்ட் இருப்பை மைனஸில் விடுவார்கள். மைனஸில் விட்டதைக் கவனிக்காமல் அடுத்த இரண்டு மாதம் ‘ஏன் பாயின்ட்டே ஏறவில்லை’ என்று யோசித்துக்கொண்டிருப்போம்.

வாலட்டில் இரண்டு பை

வாலட் பணம் கோட்டுக்குக் கீழே இருப்பது, எனவே திரும்பும். இதில் ரிசர்வ் வங்கியின் கையும் இருக்கிறது. முன்கூட்டியே பணம் ஏற்றிப் பயன்படுத்தும் வாலட், கார்டுகளுக்கு 2021 ஆகஸ்டில் அது வெளியிட்ட முதன்மை வழிகாட்டல்படி, வாலட்டிலிருந்து கட்டிய பரிவர்த்தனை தோற்றாலோ, ரத்தானாலோ, பொருள் திரும்பினாலோ, அந்தப் பங்கு அதே வாலட்டுக்கு உடனே போய்ச் சேரவேண்டும். அதனால் வாலட்டின் உச்சவரம்பு தாண்டினாலும் போடத்தான் வேண்டும். பணம் கடைசியாக ஏற்றிய நாளிலிருந்து குறைந்தது ஓராண்டு அது செல்லுபடியாக வேண்டும்; காலாவதிக்கு முந்தைய 45 நாளில் உங்களை எச்சரிக்க வேண்டும். காலாவதியான பிறகும் மிச்சப் பணத்தைக் கேட்டு வங்கிக் கணக்கில் வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் இந்தப் பாதுகாப்பு எல்லா ‘வாலட்’டுக்கும் இல்லை. பல கடைகளில் செல்லும் வாலட்டுக்குத்தான் ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும். ஒரு கடை, தன்னிடம் மட்டுமே செல்லும்படி வைத்திருக்கும் கணக்கு மூடிய வகை. அதற்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவையில்லை, மேலே சொன்ன ஓராண்டு விதியும் அதைக் கட்டாது. ஜவுளிக் கடையில் பணத்துக்குப் பதிலாகக் கையில் கொடுக்கும் கிரெடிட் நோட் இந்த வகையைச் சேர்ந்தது; மூன்று மாதமோ ஆறு மாதமோ, அதன் மேல் அச்சிட்ட தேதிதான் கணக்கு. ஆன்லைன் கடையின் ‘ஸ்டோர் கிரெடிட்’டும் அதன் தம்பிதான்.

வாலட்டுக்குள்ளேயே இரண்டு பை இருப்பதையும் கவனிக்க வேண்டும். ஒன்று நீங்கள் ஏற்றிய பணம். மற்றொன்று கேஷ்பேக்காகவோ சலுகையாகவோ அவர்கள் போட்ட பணம். பல ஆப்கள் இரண்டையும் கூட்டி ஒரே இருப்பாகக் காட்டுகின்றன. தொட்டுத் திறந்தால்தான் பிரித்துக் காட்டும். கட்டும்போது சலுகைப் பையிலிருந்து முதலில் போகும். திரும்பும்போது அந்தப் பங்கு சலுகைப் பைக்கே திரும்பும், பழைய காலாவதித் தேதியோடு. கோமதியின் மார்ச் 31 பாயின்ட்டுக்கு நேர்ந்தது இந்தப் பைக்கும் நேரும்.

கிஃப்ட் கார்டு பார்வைக்குக் கூப்பன் மாதிரி இருந்தாலும் அது யாரோ பணம் கொடுத்து வாங்கியது. கோட்டுக்குக் கீழே இருப்பது. கட்டிய பங்கு அதே கார்டுக்குத் திரும்பும். பணம் தீர்ந்ததும் கார்டைக் குப்பையில் போட்டுவிடுகிறோமே, அதுதான் வினை. ரிட்டர்ன் காலம் முடியும்வரை கார்டின் எண்ணும் பின்னும் கையில் இருக்கட்டும்.

இதைவிடப் பெரிய இழப்பு நாமே விரும்பி ஏற்றுக்கொள்வது. ரிட்டர்ன் பக்கத்தில் கேட்பார்கள்: ‘பணம் எங்கே வேண்டும்? வங்கிக் கணக்குக்கு என்றால் ஐந்தாறு நாள். எங்கள் வாலட்டுக்கு என்றால் உடனே.’ இரண்டாவது பொத்தான் பளிச்சென்று பெரிதாக இருக்கும், சில சமயம் முன்கூட்டியே தேர்வாகியும் இருக்கும். இணையக் கடைகளுக்குப் பணம் வாங்கிக் கொடுக்கும் நிறுவனங்களுக்கு 2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, ரீஃபண்ட் எந்த வழியில் கட்டினோமோ அந்த வழியிலேயே வரவேண்டும். வாடிக்கையாளர் வேறு வழிக்குச் சம்மதித்தால் மட்டும் விதிவிலக்கு. அந்தப் பெரிய பொத்தானை அழுத்துவதுதான் சம்மதம். யூபிஐயில் கட்டிய 648 ரூபாய் அந்த நொடியில் அந்தக் கடையில் மட்டுமே செல்லும் பணமாகிவிடும். பிறகு வங்கிக்கு மாற்றச் சொன்னால் ‘நீங்கள்தானே தேர்ந்தெடுத்தீர்கள்’ என்பார்கள். அந்தக் கடையில் மாதாமாதம் வாங்குபவருக்கு இதில் நஷ்டம் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை எட்டிப்பார்ப்பவர் ஐந்து நாள் பொறுத்துக்கொள்ளலாம்.

வங்கிச் சலுகைகள் வேறு கதை, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கார்டில் கட்டியதற்கு அப்போதே கழித்த தள்ளுபடி, கூப்பன் போலவே போய்விடும். பிறகு கணக்கில் போடுவதாகச் சொன்ன கேஷ்பேக், பொருள் திரும்பினால் வராது, வந்திருந்தால் பிடிக்கப்படும். கார்டு கொடுத்த வங்கியின் சொந்த ரிவார்டு பாயின்ட்டும் ரீஃபண்ட் தொகைக்கு ஏற்பக் குறையும். இஎம்ஐயில் வாங்கியிருந்தால், ரீஃபண்ட் வந்தால் இஎம்ஐ தானாக நின்றுவிடும் என்று நம்பி இருந்துவிடாமல் வங்கியை அழைத்துக் கேன்சல் செய்யச் சொல்லவேண்டும். இஎம்ஐக்கான செயல்முறைக் கட்டணமும் அதன் ஜிஎஸ்டியும் வழக்கமாகத் திரும்புவதில்லை.

தொகை குறைந்தால்

முறையிடுவதற்கு முன் கணக்கு கையில் இருக்க வேண்டும். ஆர்டர் போடும்போது விலைப் பிரிவினை தெரியும் பக்கத்தையும், கூப்பனின் விதிகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்வது நல்லது. கூப்பன் முடிந்ததும் அதன் விதிப் பக்கமும் ஆப்பிலிருந்து காணாமல் போய்விடும். இன்வாய்ஸ், ரிட்டர்னை உறுதிசெய்த செய்தி, பாயின்ட் வரலாறு ஆகியவை அதோடு சேரட்டும். ‘எனக்குக் குறைவாக வந்திருக்கிறது’ என்று எழுதினால் வார்ப்புப் பதில்தான் வரும். ‘சட்டையின் இன்வாய்ஸ் மதிப்பு 720; யூபிஐயில் 648 வந்தது; 72 பாயின்ட் ஏப்ரல் 6-இல் வரவாகி அன்றே காலாவதியாகியிருக்கிறது; ரீஃபண்ட் தாமதம் உங்கள் பக்கம்; அதை மறுபடி வரவு வையுங்கள்’ என்று எழுதினால் யாராவது ஒருவர் கணக்கைத் திறந்து பார்த்தாக வேண்டும்.

கஸ்டமர் கேர் கைவிரித்தால் அடுத்த ஆள் குறைதீர்ப்பு அதிகாரி. 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு ஆன்லைன் கடையும் அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட்டிருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். தளத்தின் அடிப்பகுதியில், சின்ன எழுத்தில் அந்தப் பக்கம் இருக்கும். அவருக்கு மின்னஞ்சல் போனாலே பெரும்பாலான பாயின்ட் வழக்குகள் முடிந்துவிடுகின்றன என்பது என் அனுபவம். 72 பாயின்ட்டுக்காக ஒரு மாதம் கடிதப் போக்குவரத்து நடத்த எந்த நிறுவனமும் விரும்பாது. அதன் பிறகும் நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பல கடைகளில் செல்லும் வாலட் நிறுவனமே பணத்தைத் திருப்பிப் போடாமல் இழுத்தால், முதலில் அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் திருப்தி தரவில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் இல்லை. கடையின் சொந்த வாலட்டுக்கும் பாயின்ட்டுக்கும் ஒம்புட்ஸ்மேன் வரமாட்டார். அதற்கு நுகர்வோர் ஆணையம்தான். அங்கேயும் பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.